படுக்கைக்கு எவ்வளவு பிடிப்பார்கள்?

புதுக்கோட்டை, சிவகங்கை, திருவாரூர்ப் பக்கம் டெஸ்ட் அடித்து முடித்துவிட்டுச் சிங்கப்பூர் பெர்மிட்டுக்குக் காத்திருக்கும் இளைஞர் ஒருவருக்கு ஒருநாள் வாட்ஸப்பில் ஒரு பிடிஎப் வரும். அதற்கு ஐபிஏ என்று பெயர். வேலை அனுமதிக்குக் கொள்கை அளவில் ஒப்புதல் கிடைத்துவிட்டது என்று அந்நாட்டு மனிதவள அமைச்சகம் தரும் கடிதம் அது. வீட்டில் எல்லோரும் கூடி நின்று அதில் தேடுவது ஒரே ஒரு எண்ணை: சம்பளம் எவ்வளவு? அடுத்த கேள்வி, ஏற்கெனவே அங்கே இருக்கும் சித்தப்பா மகனுக்கு போனில் போகும். "ரூம் எப்படிண்ணே, ஏசி இருக்குமா, ஒரு ரூம்ல எத்தனை பேரு?"

நியாயமான கேள்விதான். ஆனால் அதற்கான விடை அந்தக் கடிதத்தில் இல்லை, தொழிலாளியின் ஒப்பந்தத்திலும் இருக்காது. ஓர் அறையில் எத்தனை பேர், ஆளுக்கு எத்தனை சதுர மீட்டர் என்பதெல்லாம் விடுதி நடத்துபவருக்கும் அரசுக்கும் இடையிலான உரிம விவகாரம். தொழிலாளியின் தாளில் இருப்பது வேறு: அந்தப் படுக்கைக்காக அவர் சம்பளத்திலிருந்து மாதம் எவ்வளவு போகும், யார் சொன்னால் அந்தத் தொகை மாறும், வேலை போனால் படுக்கை என்னாகும். இந்த மூன்றையும் ஊரிலேயே படித்துப் பார்ப்பவர்கள் குறைவு. அங்கே போனபின் வரும் சண்டைகளில் பாதி இந்த மூன்றில்தான் தொடங்குகிறது.

முதலில் அறையைப் பார்த்துவிடலாம். சிங்கப்பூரில் கட்டுமானம், கப்பல் பட்டறை, ரசாயன ஆலை ஆகியவற்றில் வேலை அனுமதியில் இருப்பவருக்கு ஏற்கத்தக்க தங்குமிடம் தரவேண்டியது முதலாளியின் சட்டக் கடமை. தராவிட்டால் 10,000 டாலர் வரை அபராதம், 12 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். (இந்தக் கட்டுரையில் டாலர் என்றால் சிங்கப்பூர் டாலர்.) துவாஸ், கிராஞ்சி, மண்டாய் பக்கம் ஆயிரக்கணக்கானோர் தங்கும் பெரிய விடுதிகள் ஒரு வகை. தொழிற்சாலைக் கட்டடத்தின் ஒரு தளத்தைத் தடுத்துப் போட்டவை இன்னொரு வகை. கட்டுமான இடத்திலேயே போடும் தற்காலிகக் குடியிருப்புகளும் உண்டு. எதில் தங்கவேண்டும் என்று முடிவு செய்வது கம்பெனி. வேலை சாங்கியில், படுக்கை துவாஸில் என்றால் தீவின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குத் தினமும் லாரிப் பயணம்தான்.

2020 ஏப்ரலில் கொரோனா இந்த விடுதிகளுக்குள் புகுந்தபோதுதான் வெளியுலகம் உள்ளே எட்டிப் பார்த்தது. பொங்கோலில் இருந்த எஸ்11 விடுதி அன்று நாட்டின் மிகப்பெரிய தொற்றுக் கொத்தாக இருந்தது. அந்த ஆண்டு முடிவில் அரசே வெளியிட்ட கணக்குப்படி, விடுதிவாசிகளில் ஏறத்தாழ பாதிப் பேருக்குத் தொற்று வந்து போயிருந்தது. அடுக்குக் கட்டில்களை நெருக்கிப் போட்டுப் பலர் படுக்கும் அறையில் வேறு எப்படி நடக்கும்?

அதன்பின் விதிகள் மாறின. 2021 செப்டம்பரில் அறிவித்த தரநிலைப்படி, புதிதாகக் கட்டும் விடுதியில் ஓர் அறைக்கு 12 பேருக்கு மேல் கூடாது. ஆளுக்குக் குறைந்தது 4.2 சதுர மீட்டர் இடம் வேண்டும். ஆறு பேருக்கு ஒரு கழிப்பறை, குளியலறை. 4.2 சதுர மீட்டர் என்பது நம் ஊர்க் கணக்கில் சுமார் 45 சதுர அடி, ஒரு கட்டிலும் அதைச் சுற்றி நடக்கக் கொஞ்சம் இடமும். பழைய விடுதிகளுக்கு அவகாசம் தந்திருக்கிறார்கள். 2030-க்குள் இடைக்காலத் தரத்துக்கு வரவேண்டும், 2040-க்குள் முழுத் தரத்துக்கு. ஆக, இன்று போகிறவருக்குக் கிடைப்பது எந்தக் காலத்து அறை என்பது அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது. 2023 ஏப்ரலிலிருந்து ஏழு அல்லது அதற்கு மேற்பட்ட படுக்கைகள் உள்ள எல்லா விடுதிகளும் வெளிநாட்டு ஊழியர் விடுதிச் சட்டத்துக்குள் வந்துவிட்டன. அதற்கு முன்பு ஆயிரம் படுக்கை இருந்தால்தான் அந்தச் சட்டம் எட்டிப் பார்க்கும்.

இந்த மாற்றத்துக்கு ஒரு விலை உண்டு. அறைக்குள் ஆட்கள் குறைந்தார்கள், வேலைக்கு வரும் ஆட்கள் கூடினார்கள், படுக்கைக்குத் தட்டுப்பாடு வந்தது. தொற்றுக்கு முன்பு 300 டாலருக்குக் கீழே இருந்த ஒரு படுக்கையின் மாத வாடகை, பிறகு 400-ஐத் தாண்டிப் போனது. அதை விடுதிக்குக் கட்டுவது கம்பெனி. ஆளுக்கு நூறு, இருநூறு டாலர் கூடுதல் செலவு வந்தால், அதில் ஒரு பங்கைத் தொழிலாளியின் தலையில் இறக்கினால் என்ன என்று சில முதலாளிகளுக்குத் தோன்றுவதில் வியப்பில்லை. அப்போதுதான் ஐபிஏ தாளில் உள்ள அந்த ஒற்றை வரி முக்கியமாகிறது.

ஐபிஏ கடிதத்தில் அடிப்படைச் சம்பளம், நிலையான படிகள், நிலையான பிடித்தங்கள் என்று தனித்தனியாகக் காட்டியிருப்பார்கள். தங்குமிடத்துக்கு மாதம் எவ்வளவு பிடிப்பார்கள் என்பது அந்தப் பிடித்தங்களில் வரும். சில கம்பெனிகள் அங்கே பூஜ்யம் போட்டிருக்கும், சில நூறு டாலர் போட்டிருக்கும். தொழிலாளி ஊரை விட்டுக் கிளம்பும் முன்பே, அவருடைய தாய்மொழியில் இந்தக் கடிதத்தை அனுப்பவேண்டும் என்பது முதலாளிக்குள்ள விதி. ஏஜென்ட் ஆங்கிலப் பக்கத்தை மட்டும் அனுப்பினால், தமிழ்ப் பக்கம் எங்கே என்று கேட்கலாம். கேட்கவும் வேண்டும்.

இந்திய அரசு வளைகுடா நாடுகளுக்கும் மலேசியாவுக்கும் போகிற, பத்தாம் வகுப்பு முடிக்காத தொழிலாளிக்குக் குடியேற்ற அனுமதி என்றொரு வடிகட்டி வைத்திருக்கிறது. அந்தப் பட்டியலில் சிங்கப்பூர் இல்லை. அதனால் இங்கே புறப்படும்போது ஒப்பந்தத்தை வாங்கிப் பார்க்கும் அதிகாரி யாரும் கிடையாது. தொழிலாளியின் கையில் இருக்கும் உறுதியான தாள் என்றால், அது ஐபிஏ ஒன்றுதான். ஏஜென்ட் வாய்வார்த்தையாகச் சொன்ன "ரூம் ஃப்ரீ தம்பி" அங்கே போனால் எடுபடாது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். அடிப்படைச் சம்பளம் 572 டாலர், தங்குமிடப் பிடித்தம் 100 டாலர் என்று ஐபிஏ-வில் எழுதியிருக்கும் ஒரு கட்டுமானத் தொழிலாளியை எடுத்துக்கொள்வோம். நாளுக்கு 22 டாலர் வீதம் 26 நாளுக்கு 572. சட்டம் சொல்லும் முறையில், ஓராண்டின் அடிப்படைச் சம்பளத்தை 52 வாரம், வாரத்துக்கு 44 மணி நேரம் என்று வகுத்தால், மணிக்குச் சரியாக 3 டாலர் வருகிறது. ஓட்டி பார்த்தால் ஒன்றரை மடங்கு, அதாவது நாலரை டாலர். மாதம் 60 மணி நேரம் ஓட்டி கிடைத்தால் 270 சேர்ந்து மொத்தம் 842. அதில் நூறு போனால் 742. போகட்டும் என்று இருந்துவிடுவார்.

சிங்கப்பூரில் இறங்கி இரண்டாவது வாரம் ஆபீஸில் ஒரு கட்டுத் தாள் நீட்டுவார்கள். பாதுகாப்பு விதி, தலைக்கவசம் பெற்றுக்கொண்டதற்கான ஒப்பம், விடுதி விதி என்று பத்துப் பதினைந்து தாள். எல்லாவற்றிலும் கையெழுத்து. நடுவில் ஒன்றில், தங்குமிடத்துக்கும் கரண்டு தண்ணீருக்குமாக மாதம் 160 டாலர் பிடிக்கச் சம்மதிக்கிறேன் என்று இருக்கும். இன்னொன்றில், கேட்டரிங் சாப்பாட்டுக்கு 130.

இங்கே மூன்று சோதனைகள் இருக்கின்றன. மூன்றும் தனித்தனியானவை, ஒன்றில் தேறினால் மற்றதில் தேறியதாக ஆகாது.

முதலாவது, ஐபிஏ-வில் எழுதிய பிடித்தத்தைக் கூட்டவேண்டுமானால் தொழிலாளியின் எழுத்துமூலச் சம்மதம் முன்கூட்டியே வேண்டும், மனிதவள அமைச்சகத்துக்கும் தெரிவித்திருக்கவேண்டும். அடிப்படைச் சம்பளத்தைக் குறைப்பதற்கும் இதே விதிதான். அதனால்தான் அந்தக் கட்டுத் தாளில் கையெழுத்துக்கு அவ்வளவு அவசரம். கையெழுத்து இருந்தும் அமைச்சகத்துக்குச் சொல்லாமல் விட்டிருந்தால் விதி நிறைவேறவில்லை. ஆனாலும் கையெழுத்துப் போட்டவரின் பேச்சு பேச்சுவார்த்தை மேசையில் பலவீனமாகத்தான் நிற்கும். படித்துப் பார்க்க நேரம் கேட்பது, கொடுக்காவிட்டால் குறைந்தது அந்தப் பக்கத்தை போனில் படம் எடுத்துக்கொள்வது, இவை இரண்டும் பிற்பாடு நூற்றுக்கணக்கான டாலர் பெறும்.

இரண்டாவது, தங்குமிடத்துக்காகப் பிடிப்பது அந்த மாதச் சம்பளத்தில் கால் பங்கைத் தாண்டக் கூடாது. அறையைத் தொழிலாளி ஏற்றுக்கொண்டிருக்கவும் வேண்டும். 842 டாலர் கிடைத்த மாதத்தில் கால் பங்கு 210 என்பதால் 160 பிடித்தாலும் இந்த விதி மீறப்படவில்லை. ஓட்டி இல்லாத மாதம் வருகிறது என்று வையுங்கள். சம்பளம் 572, கால் பங்கு 143. இப்போது 160 விதியைத் தாண்டிவிட்டது. அதே அறை, அதே கட்டில், அதே தொகை. போன மாதம் சட்டப்படி, இந்த மாதம் மீறல்.

மூன்றாவது, எல்லாப் பிடித்தமும் சேர்த்து மாதச் சம்பளத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. 572-இல் பாதி 286. அறைக்கு 160, சாப்பாட்டுக்கு 130, மொத்தம் 290. நாலு டாலர் கூடிவிட்டது. சின்னத் தொகைதான், இருந்தாலும் இந்த வரம்பில் ஓர் ஓட்டை இருப்பதைச் சொல்லியாக வேண்டும்: வேலைக்கு வராத நாளுக்கான பிடித்தமும், முன்பணம் கடன் வசூலும் இந்தப் பாதிக் கணக்கில் சேராது. சம்பளச் சீட்டில் அறை வாடகையை 'அட்வான்ஸ்' என்ற தலைப்பில் போட்டால் வரம்பு மீறாததுபோலவே தெரியும். 2016 ஏப்ரலிலிருந்து விவரம் பிரித்துக் காட்டும் சம்பளச் சீட்டு தருவது கட்டாயம். அதில் வாங்காத முன்பணம் கழிந்திருந்தால், அந்த மாதமே கேட்கவேண்டிய விஷயம் அது.

சாப்பாட்டைப் பற்றி ஓர் இடைச்சொல். கேட்டரிங் பொட்டலம் விடியுமுன்பே விடுதி வாசலுக்கு வந்துவிடும். மதியம் வெயிலில் சைட்டில் பிரிக்கும்போது சாம்பார் புளித்திருக்கும் என்பது சிங்கப்பூர் போய்வந்தவர்கள் பலரும் சொல்லும் குறை. சமையல்கூடம் உள்ள விடுதிகளில் ஏழெட்டுப் பேர் செட்டுச் சேர்ந்து ஆக்கிக்கொள்கிறார்கள், செலவும் குறைகிறது. சாப்பாட்டுக்குப் பணம் பிடிக்க எழுத்துமூலச் சம்மதம் வேண்டும் என்பதால், விடுதியில் சமைக்க வசதி உண்டா என்று கேட்டுத் தெரிந்துகொண்டு அந்தத் தாளில் கையெழுத்துப் போடுவது புத்திசாலித்தனம். உணவுச் செலவை ஏற்கவேண்டும் என்று கட்டுமானத் தொழிலாளியின் முதலாளிக்குச் சட்டம் பொதுவாகச் சொல்லவில்லை. அதனால் 'சாப்பாடு கம்பெனி' என்று ஏஜென்ட் சொன்னது படியாகத் தாளில் வந்திருக்கிறதா என்று பார்க்கவேண்டும்.

ஓட்டி இல்லாத மாதம் என்றோம். வேலையே இல்லாத மாதமும் வரும். ஒரு சைட் முடிந்து அடுத்தது தொடங்கத் தாமதம், மழை, பொருள் வரவில்லை என்று ஆட்கள் அறையிலேயே கிடப்பார்கள். அப்போது "வேலை பார்த்த பத்து நாளைக்குத்தான் சம்பளம், ரூம் காசு மட்டும் முழுசா" என்று சில சூப்பர்வைசர்கள் சொல்வதுண்டு. வேலை அனுமதி நிபந்தனை அப்படிச் சொல்லவில்லை. வேலை இருந்தாலும் இல்லாவிட்டாலும், அறிவித்த நிலையான மாதச் சம்பளத்துக்குக் குறையாமல் முதலாளி தரவேண்டும். தொழிலாளி சம்பளமில்லா விடுப்பில் ஊருக்குப் போயிருந்தால் அது வேறு. நம் கணக்கில், அறையில் உட்கார்ந்திருந்த மாதத்திலும் 572 அவருக்குச் சேரவேண்டியது, அதில் நூறு பிடிக்கலாம். ஐபிஏ-வில் அடிப்படைச் சம்பளம் எவ்வளவு என்று பார்ப்பது இதனால் இருமடங்கு அவசியம்: ஓட்டியைச் சேர்த்து ஏஜென்ட் சொல்லும் பெரிய எண் எந்த மாதமும் உறுதியானதில்லை, நிலையான எண் மட்டும் உறுதி.

இனி, பெரும்பாலோர் கவனிக்காத ஒன்று: முகவரி. தொழிலாளி எங்கே தங்குகிறார் என்று அமைச்சகத்தின் பதிவில் முதலாளி ஏற்றவேண்டும், இடம் மாற்றினால் ஐந்து நாளுக்குள் திருத்தவேண்டும். பதிவில் உரிமம் பெற்ற விடுதியின் பெயரும், ஆள் படுப்பது பட்டறையின் மாடியிலுமாக இருந்தால், அங்கே தீ விபத்து நேர்ந்தாலும் மூட்டைப்பூச்சித் தொல்லை என்று புகார் செய்தாலும், தேடி வருபவர்கள் தவறான வாசலில் நிற்பார்கள். பிடித்தத் தொகையிலும் அது விளையாடும். விடுதி வாடகையைக் காரணம் காட்டிப் பிடித்துவிட்டு, ஆளை வேறெங்கோ தங்கவைத்திருப்பதற்கு அந்தப் பதிவே சாட்சி. அறை சரியில்லை என்றால் அமைச்சகத்தின் விடுதிக் குழுக்களிடம் சொல்லலாம். 2020-க்குப் பிறகு அவர்கள் விடுதி விடுதியாகச் சுற்றுகிறார்கள்.

எல்லாம் சரி, விதி இவ்வளவு தெளிவாக இருந்தும் ஏன் யாரும் உடனே புகார் செய்வதில்லை? படுக்கையும் பெர்மிட்டும் ஒரே கையில் இருப்பதால். ஊரில் வீட்டு வாடகைத் தகராறு என்றால் வேலை போகாது. இங்கே முதலாளி வேலை அனுமதியை ரத்து செய்தால் சம்பளமும் போகும், கட்டிலும் போகும், நாட்டில் இருக்கும் உரிமையும் போகும். ஏஜென்டுக்குக் கட்டிய கடன் அடையும்வரை வாயைத் திறப்பதில்லை என்று பலர் முடிவு செய்துவிடுகிறார்கள். இரண்டு வருட ஒப்பந்தம் முடியட்டும், கடைசியில் மொத்தமாகக் கேட்டுக்கொள்ளலாம் என்பது அவர்கள் கணக்கு.

அந்தக் கணக்கு தவறு, எவ்வளவு தவறு என்பதை நம் உதாரணத்திலேயே பார்க்கலாம். ஐபிஏ-வில் நூறு, பிடித்தது 160. மாதம் 60 டாலர் கூடுதல். 24 மாதத்தில் 1,440 டாலர், அதாவது அவருடைய இரண்டரை மாத அடிப்படைச் சம்பளம். சம்பளத் தகராறுகளை எடுத்துக்கொள்ளும் முத்தரப்பு அமைப்பான டாடெம், கடந்த ஓராண்டுக்குள் நடந்ததைத்தான் விசாரிக்கும். வேலையை விட்டு விலகிய பிறகு என்றால், ஆறு மாதத்துக்குள் மனுக் கொடுத்திருக்கவேண்டும். இரண்டாம் ஆண்டு முடிவில் போய் நின்றால் கேட்கக்கூடியது கடைசி 12 மாதத்துக்கான 720 டாலர். முதல் 720 காலாவதியாகிவிட்டது. அங்கே முதலில் சமரசப் பேச்சு நடக்கும். அதில் ஒத்துவராவிட்டால் வேலைத் தகராறு தீர்ப்பாயம். அங்கே வக்கீல் வைத்து வாதாட வழியில்லை. தொழிலாளி கையில் ஐபிஏ, மாதச் சம்பளச் சீட்டுகள், வங்கியில் வரவான தொகை ஆகிய மூன்றும் இருந்தால் போதும், கணக்குத் தானே பேசும். சம்பளத்தை ரொக்கமாகக் கொடுத்து வெற்றுச் சீட்டில் கையெழுத்து வாங்கும் கம்பெனி என்றால், அந்த மூன்றில் இரண்டு முதலிலேயே இல்லாமல் போகிறது.

கூடுதல் பிடித்தத்தை இன்னொரு வழியிலும் வாங்குவார்கள்: முழுச் சம்பளத்தையும் வங்கியில் போட்டுவிட்டு, அதில் ஒரு பங்கை எடுத்துவந்து கையில் கொடுக்கச் சொல்வது. சீட்டிலும் வங்கிக் கணக்கிலும் எல்லாம் சுத்தமாக இருக்கும். வேலை கொடுத்ததற்காக, வேலையில் வைத்திருப்பதற்காக என்று பணம் வாங்குவது அங்கே தனிக் குற்றம். 30,000 டாலர் வரை அபராதமும் இரண்டாண்டு வரை சிறையும் உண்டு. ரூம் காசு என்று பெயர் வைத்தாலும் உண்மையில் வேலைக்கான விலை என்றால் அது இதில்தான் சேரும். பணம் எடுத்த தேதி, தொகை, கேட்டு வந்த வாட்ஸப் செய்தி ஆகியவைதான் அங்கே சாட்சி.

புகார் கொடுத்தபின் எங்கே படுப்பது என்ற பயத்துக்கும் நிபந்தனையில் பதில் இருக்கிறது. சம்பளப் பாக்கிக்கோ வேலையில் பட்ட காயத்துக்கான இழப்பீட்டுக்கோ மனுக் கொடுத்துவிட்டு முடிவுக்குக் காத்திருக்கும் தொழிலாளியின் தங்குமிடம், சாப்பாடு, வைத்தியம் ஆகியவை பழைய முதலாளியின் பொறுப்புதான். பெர்மிட் ரத்தாகியிருந்தாலும் அந்தப் பொறுப்பு போகாது. மூட்டையைக் கட்டி வாசலில் வைத்துவிட்டார்கள் என்று ஓர் ஆள் இரவில் தெருவில் நின்றால், அது முதலாளி செய்த இரண்டாவது மீறல். அந்த நேரத்தில் கூப்பிடுவதற்கு வெளிநாட்டு ஊழியர் நிலையத்தின் 24 மணி நேர எண் ஒன்று உண்டு: 6536 2692. டிடபிள்யூசி2, ஹோம் என்ற இரு தன்னார்வ அமைப்புகளும் பல ஆண்டுகளாக இப்படிப்பட்டவர்களுக்கு உதவிவருகின்றன.

விமான நிலையத்துக்குப் புறப்படும் நாளில் கடைசியாக ஒரு தாள் வரும், 'எனக்கு எந்தப் பாக்கியும் இல்லை' என்று. சிலரிடம் டிக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டே அதை நீட்டுகிறார்கள். கூடுதலாகப் பிடித்த ரூம் காசு திரும்ப வராமல் அதில் கையெழுத்துப் போடத் தேவையில்லை. பாக்கி இருப்பவர் அன்று விமானம் ஏறும் முன்பே டாடெமில் மனுவைப் பதிந்துவிடுவது நல்லது. ஊருக்கு வந்து சேர்ந்தபின் அங்கே போய் ஆஜராவது எளிதில்லை.